மலைப்பூண்டு ஏன் பண்புத்தொகை இல்லை?

கேள்வி: பண்ணைக்காட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பயிற்சித்தாளில் பத்துத் தொகைச்சொற்களைக் கொடுத்து, வகையை எழுதி விரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நாலு சரி, ஆறு தப்பு. தப்பானவை இவை: மலைப்பூண்டு (பண்புத்தொகை என்று எழுதினாள்), உறைபனி (வினைத்தொகை, உறையும் பனி), வெந்நீர் (வினைத்தொகை), குறிஞ்சிப்பூ (ஆறாம் வேற்றுமைத்தொகை), கொண்டை ஊசி வளைவு (ஏழாம் வேற்றுமைத்தொகை), சிவப்புக் குல்லா (அன்மொழித்தொகை). ஆறு வகையின் இலக்கணத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறாள். பிறகும் ஏன் தப்பு வருகிறது? ஆசிரியரிடம் எதையாவது திருப்பிக் கேட்கலாமா?

பதில்:

அம்மா, இலக்கணத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, தப்பு வருகிற இடமே அதுதான். சொல்லைப் பார்த்ததும் முதலில் வகையின் பெயரை முடிவு செய்துவிட்டு, அந்தப் பெயருக்குத் தோதாக ஒரு விரியை எழுதியிருக்கிறாள். பயிற்சித்தாளில் வகைக்கு முதல் கட்டமும் விரிக்கு இரண்டாம் கட்டமும் போட்டிருப்பார்கள். பிள்ளைகளும் அந்த வரிசையிலேயே நிரப்புகிறார்கள். நான் முப்பது வருடம் கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். முதல் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாம் கட்டத்தை முதலில் எழுதச் சொல்வேன். விரி சரியாக வந்துவிட்டால் பெயர் அதிலேயே எழுதியிருக்கும்.

தொகை என்றால் ஏதோ ஒன்று தொக்கி, அதாவது மறைந்து, நிற்கிறது என்று பொருள். மறைந்ததை வெளியே எடுத்து வைப்பதுதான் விரித்தல். வெளியே வந்தது ஐ, ஆல், கு, இல் போன்ற உருபானால் வேற்றுமைத்தொகை. காலம் வந்தால் வினைத்தொகை. ‘ஆகிய’ வந்தால் பண்புத்தொகை. ‘போன்ற’ வந்தால் உவமைத்தொகை. இரண்டு சொல்லிலும் ‘உம்’ ஒட்டிக்கொண்டு வந்தால் உம்மைத்தொகை. இந்த இரண்டு சொல்லுக்கும் வெளியிலிருந்து ஒரு ஆளோ பொருளோ வந்து நின்றால் அன்மொழித்தொகை. நன்னூல் சொல்கிற ஆறும் இவ்வளவுதான்.

இப்போது உங்கள் மகளின் தாளுக்கு வருவோம். மலைப்பூண்டில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். அது புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

பண்புத்தொகை என்று எழுதினாளே, அதன்படி விரித்துப் பாருங்கள். ‘மலையாகிய பூண்டு’ என்று வரும். ‘ஆகிய’ என்ற சொல் இரண்டு பக்கமும் ஒரே பொருள் என்று அடித்துச் சொல்வது. செந்தாமரை என்றால் செம்மையாகிய தாமரை. செம்மை இருப்பது அந்தத் தாமரையிலேயேதான். மலையாகிய பூண்டு என்றால் பூண்டே மலை என்று ஆகிறது. பூம்பாறையில் ஒரு பூண்டு அந்த அளவுக்கு விளைந்தால் நல்லதுதான், ஆனால் விளைவதில்லை. ஆக இது பண்புத்தொகை இல்லை என்பதை இலக்கண நூலைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

அப்படியானால் மலைக்கும் பூண்டுக்கும் என்ன உறவு? சந்தையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: மலையிலே விளைகிற பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் விளைவதால்தான் அந்தப் பெயர். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரில்தான். ‘மலையில் விளையும் பூண்டு’ என்று எழுதிவிட்டு, புதிதாக என்ன வந்தது என்று பாருங்கள். இரண்டு வந்திருக்கிறது. ஒன்று ‘இல்’ என்ற உருபு. இன்னொன்று ‘விளையும்’ என்ற சொல். இந்த இரண்டாவதைத்தான் பயன் என்கிறார்கள். உருபு மட்டும் போட்டு ‘மலையில் பூண்டு’ என்று நிறுத்தினால் பேச்சு பாதியில் நிற்கிறது. மலையில் பூண்டு என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சொல் தேவைப்பட்டால், அது ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’. தேவைப்படாவிட்டால் வெறும் வேற்றுமைத்தொகை.

மலையுச்சி என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மலையினது உச்சி’ என்றதும் பொருள் முடிந்துவிட்டது. வேறு சொல் கேட்கவில்லை. எனவே அது ஆறாம் வேற்றுமைத்தொகை, அவ்வளவுதான். மலைப்பூண்டு ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பெயர் நீளமாக இருக்கிறதே என்று ‘ஏழாம் வேற்றுமைத்தொகை’ என்று சுருக்கி எழுதினால் சில ஆசிரியர்கள் அரை மதிப்பெண் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். வெறும் ‘வேற்றுமைத்தொகை’ என்று எண் போடாமல் எழுதினால் நானே குறைப்பேன். எத்தனையாவது வேற்றுமை என்பதுதானே கேள்வி?

இங்கே ஒரு சந்தேகம் வரும். ‘இல்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் உருபாயிற்றே, ஏன் ஏழாவது என்று எழுத வேண்டும்? உருபைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அது தருகிற பொருளைப் பார்க்க வேண்டும். பூண்டு மலையில் இருந்துகொண்டே விளைகிறது; மலை அதற்கு இடம். இடப்பொருள் ஏழாம் வேற்றுமைக்கு உரியது. ஒன்றிலிருந்து இன்னொன்று விலகுவதாக இருந்தால் அது ஐந்தாம் வேற்றுமை. மலையருவி என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மலையிலிருந்து விழும் அருவி’ என்று விரித்தால் ஐந்தாவது, ‘மலையில் உள்ள அருவி’ என்று விரித்தால் ஏழாவது. இரண்டும் சரிதான். ஆனால் விரி ஒன்று, எழுதிய எண் இன்னொன்று என்று இருந்தால் தப்பு. திருத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான்.

அடுத்தது உறைபனி. வகையைச் சரியாகவே எழுதியிருக்கிறாள், விரியில் விட்டுவிட்டாள். உறையும் பனி என்று மட்டும் எழுதினால் அது வினைத்தொகையின் விரி ஆகாது. வினைத்தொகையில் மறைந்திருப்பது காலம். எந்தக் காலம் என்று சொல் சொல்லாததால் மூன்றையும் எழுத வேண்டும்: உறைந்த பனி, உறைகின்ற பனி, உறையும் பனி. டிசம்பர் கடைசியில் விடியற்காலை ஏரிப்பக்கம் புல்லில் வெள்ளையாகப் படிந்திருப்பது உறைந்த பனி. நாளை இரவுக்கு வானிலை அறிக்கையில் சொல்வது உறையும் பனி. இரண்டுக்கும் நாம் சொல்வது உறைபனி என்ற ஒரே சொல். அதனால்தான் இதை முக்காலத்துக்கும் பொதுவான தொகை என்கிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தடுமாற்றம். ஏரிக்கரையில் தள்ளுவண்டியில் சோளம் சுட்டுக் கொடுப்பார்கள், உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழத்தில் தொட்டுத் தேய்த்து. அது ‘சுட்ட சோளம்’. இதையும் பிள்ளைகள் வினைத்தொகை என்று எழுதுவதுண்டு. இல்லை. ‘சுட்ட’ என்பதில் இறந்தகாலம் வெளிப்படையாக இருக்கிறது, ஒன்றும் மறையவில்லை. மறையாவிட்டால் தொகையே இல்லை. அது பெயரெச்சத் தொடர், தொகாநிலையில் சேரும். ‘சுடுசோறு’ என்றால் சு‌டு என்ற பகுதி மட்டும் நிற்கிறது, காலம் மறைந்திருக்கிறது, அது வினைத்தொகை.

வெந்நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பல் தேய்க்கவே வெந்நீர்தான், அதனால் எல்லாருக்கும் தெரிந்த சொல். உங்கள் மகள் ‘வெந்த நீர், வேகின்ற நீர், வேகும் நீர்’ என்று எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேகிற வினைக்குப் பகுதி ‘வே’. வினைத்தொகையில் பகுதி அப்படியே நிற்க வேண்டும். இங்கே நிற்பது ‘வெந்’. அந்த ‘வெந்’ எங்கிருந்து வந்தது? வெம்மை என்ற பண்புப்பெயரிலிருந்து. மை போய்விட்டது, மிச்சமிருந்த ‘வெம்’ அடுத்து வந்த நகரத்தைப் பார்த்து ‘வெந்’ ஆயிற்று. வெம்மையாகிய நீர், பண்புத்தொகை. இரண்டு ந வருவதற்கும் காரணம் இதுதான். ‘வென்னீர்’ என்று எழுதுகிற பழக்கம் இருந்தால் இந்த உண்மை கண்ணுக்கே தெரியாது. முதலில் எழுத்தைத் திருத்த வேண்டும்.

அதே அடுப்பில் அதே பாத்திரத்தில் காய்வதைச் சுடுதண்ணீர் என்று சொன்னால் மட்டும் வினைத்தொகை ஆகிவிடும்: சுட்ட, சுடுகின்ற, சுடும் தண்ணீர். பொருள் ஒன்றுதான், தொகை வேறு. ஆக, பொருளை மட்டும் நினைத்துக்கொண்டு வகை சொல்ல முடியாது. சொல் எந்த உறுப்புகளால் கட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பிரிக்கிற இடத்தில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கை. தேயிலையைக் கொடுத்தபோது ஒரு பெண் ‘தேய்ந்த இலை, தேய்கின்ற இலை, தேயும் இலை’ என்று எழுதியிருந்தாள். மூன்று காலமும் ஒழுங்காக இருந்தது. ஆனால் அது தேய் + இலை இல்லை, தே + இலை. நடுவில் வந்த யகரம் உடம்படுமெய். தே என்பது செடியின் பெயர், சீனத்துக் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல். தேயினது இலை என்றுதான் விரிக்க வேண்டும். சிரித்துவிட்டுத் தப்பு போட்டேன்.

சரி, குறிஞ்சிப்பூ. இது கொஞ்சம் நுட்பமானது. பள்ளியில் எதிர்பார்க்கிற பதில் இருபெயரொட்டுப் பண்புத்தொகை: குறிஞ்சியாகிய பூ. முன்னால் சிறப்புப்பெயர், பின்னால் அதன் இனத்துக்கு உரிய பொதுப்பெயர், நடுவில் ஆகிய. பூ என்றால் எத்தனையோ பூ, அதில் எந்தப் பூ என்றால் குறிஞ்சி. மல்லிகைப்பூ, தேக்குமரம், சாரைப்பாம்பு எல்லாம் இந்த அச்சுதான்.

இதைச் சோதிக்க நான் கையாளும் வழி, இரண்டாவது சொல்லைத் தூக்கிவிடுவது. ‘2018இல் குறிஞ்சிப்பூ பூத்தது’ என்பதில் பூவைத் தூக்கிவிட்டு ‘2018இல் குறிஞ்சி பூத்தது’ என்றாலும் அதே பொருள்தான். ‘தலையில் மல்லிகை வைத்திருந்தாள்’ என்றால் போதும், பூ என்று சொல்லத் தேவையில்லை. இப்போது வாழைப்பூவை எடுங்கள். ‘வாழைப்பூ ஆய்ந்தாள்’ என்பதில் பூவைத் தூக்கினால் ‘வாழை ஆய்ந்தாள்’ என்றாகிறது, யாருக்கும் புரியாது. வாழை ஒரு பூவின் பெயர் இல்லை, மரத்தின் பெயர். அந்த மரத்தினது பூ வாழைப்பூ. எனவே அது ஆறாம் வேற்றுமைத்தொகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பூவும் இப்படித்தான் பிரிகின்றன.

ஆனால் உங்கள் மகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. குறிஞ்சி பூவுக்கு மட்டும் பெயர் இல்லை, செடிக்கும் அதுதான் பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டுக் காய்ந்து போகிற அந்தப் புதரையும் நாம் குறிஞ்சி என்றுதான் சொல்கிறோம். குறிஞ்சிச் செடியினது பூ என்று மனதில் வைத்து ‘குறிஞ்சியினது பூ’ என்று அவள் விரித்திருந்தால், வகையும் விரியும் ஒத்துப் போகின்றன. நான் திருத்தியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன். பொதுத்தேர்வில் மட்டும் இருபெயரொட்டு என்றே எழுதட்டும். விடைக்குறிப்பில் அதுதான் இருக்கும்.

கொண்டை ஊசி வளைவுதான் இந்தத் தாளிலேயே நல்ல கேள்வி. கேட்டவருக்கு ஒரு சபாஷ். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிற வளைவு, அதில் இரண்டு தொகை ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. மூன்று சொல் வந்தால் முதலில் எந்த இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசி வளைவு என்று ஒன்று இருந்து அது கொண்டையில் இருக்கிறதா? இல்லை. கொண்டை ஊசி என்று ஒன்று இருக்கிறது, பெண்கள் கொண்டை கலையாமல் செருகுவது, ஒரு கம்பியை இரண்டாக மடித்தது போல. அந்த மடிப்பு போல வளைகிற பாதை இது. எனவே வெளித்தொகை: கொண்டை ஊசி போன்ற வளைவு, உவமைத்தொகை. உள்தொகையை மட்டும் தனியாகக் கேட்டால்: கொண்டையில் செருகும் ஊசி, ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

உங்கள் மகள் ஏழாம் வேற்றுமை என்று எழுதியது உள்ளே இருக்கிற தொகைக்குப் பொருந்துகிறது. வெளித்தொகையைப் பார்க்காமல் பாதியில் நின்றுவிட்டாள். ஒன்றுமே தெரியாமல் எழுதியதில்லை என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

உவமைத்தொகை என்றதும், சரியாக எழுதிய நாலில் தூண்பாறை இருக்கும் என்று நினைக்கிறேன், இங்கே அதைக் கேட்காத ஆசிரியர் குறைவு. தூண் போன்ற பாறை. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. சொல்லைத் திருப்பிப் போட்டால் வகை மாறிவிடும். ‘பாறைத்தூண்’ என்றால் பாறையால் ஆன தூண், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதேபோல மலர்க்கை என்றால் மலர் போன்ற கை, உவமைத்தொகை. கைமலர் என்றால் கையையே மலர் என்று சொல்லிவிட்டோம், அது உருவகம். உருவகத்தை விட்டுவிட்டால், இந்த மாதிரிச் சொற்களில் கடைசிச் சொல் எதுவோ அதுதான் உண்மையில் பேசப்படுகிற பொருள். பாறையைப் பற்றிப் பேசுகிறோமா, தூணைப் பற்றிப் பேசுகிறோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிவப்புக் குல்லாவில் ஆசிரியர் போட்ட தப்பு சரியான தப்புதான். தாளில் அந்தச் சொல் தனியாகத்தானே இருந்தது? தனியாக நின்றால் அது சிவப்பாகிய குல்லா, பண்புத்தொகை. வேறு ஒன்றும் இல்லை. அன்மொழித்தொகை தனிச்சொல்லில் பிறக்காது, வாக்கியத்தில் பிறக்கிறது. பேருந்து நிலையத்தில், ‘அந்தச் சிவப்புக் குல்லா இன்னும் டிக்கெட் வாங்கவில்லை’ என்று நடத்துனர் சொன்னால், டிக்கெட் வாங்க வேண்டியது குல்லா இல்லை, அதைப் போட்டிருக்கிற ஆள். சிவப்புக் குல்லா அணிந்தவர் என்று விரிகிறது. அணிந்தவர் என்ற அந்த ஆள் ‘சிவப்பு’ என்ற சொல்லிலும் இல்லை, ‘குல்லா’ என்ற சொல்லிலும் இல்லை. இரண்டும் அல்லாத மொழி என்பதால்தான் அன்மொழி.

எனவே அன்மொழித்தொகைக்கு அடையாளம் பின்னால் வருகிற வினைதான். அந்த வினையை எழுத்தில் இருக்கிற பொருளால் செய்ய முடியுமா என்று பாருங்கள். சிவப்புக் குல்லா நனைந்தது என்றால் குல்லாதான் நனைந்தது, பண்புத்தொகை. சிவப்புக் குல்லா கோபித்துக்கொண்டது என்றால் ஆள். வாக்கியம் இல்லாமல் ஒரு தாளில் அன்மொழித்தொகையைக் கேட்டால் கேள்வியே குறை.

இனி ஒற்றைப் பற்றி. இது இல்லாமல் பதில் முழுதாகாது. விரியில் சந்தேகம் வந்தால் நடுவில் வல்லினம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சாட்சி. இரண்டாம் சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் இந்தச் சாட்சி பேசும். மற்ற எழுத்தில் தொடங்கினால் வாய் திறக்காது.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. உம்மைத்தொகையிலும் மிகாது. குளிர்காலம் என்று எழுதுகிறோம், பனிக்காலம் என்று எழுதுகிறோம். இரண்டும் ஒரே மாதங்கள், நம் மலையில் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. ஆனால் முதலாவதில் ஒற்று இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஏன்? குளிர் என்பது இங்கே வினைப்பகுதி: குளிர்ந்த, குளிர்கின்ற, குளிரும் காலம். பனி பெயர்ச்சொல்: பனியை உடைய காலம், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இரவுபகல் என்பதில் ஒற்று இல்லை, இரவும் பகலும். இரவுப்பணி என்பதில் ஒற்று இருக்கிறது, இரவில் செய்யும் பணி. உறைபனியை யாராவது ‘உறைப்பனி’ என்று எழுதினால் அங்கே வினைத்தொகை செத்துப்போகிறது.

இரண்டாம் வேற்றுமையில் மட்டும் இன்னொரு அழகு உண்டு. உங்கள் ஊர்ச் சொல்லாலேயே சொல்கிறேன். ‘காப்பி குடித்தான்’ என்பதில் ஐ மட்டும் மறைந்திருக்கிறது: காப்பியைக் குடித்தான். இது நேர்த்தொகை, ஒற்று மிகாது. ‘காப்பித்தோட்டம்’ என்பதில் காப்பியை உடைய தோட்டம் என்று உருபோடு பயனும் மறைந்திருக்கிறது, ஒற்று மிகுகிறது. மலைப்பூண்டில் பார்த்த ‘பயன்’ என்ற வேறுபாட்டை இங்கே காதாலேயே கேட்கலாம். ‘காப்பிக் குடித்தான்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒப்புக்கொள்ளாது.

ஒற்று விஷயத்தில் நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். பயிற்சித்தாளில் ‘அலைகடல்’ என்று கொடுக்க நினைத்தது, தட்டச்சில் ‘அலைக்கடல்’ என்று விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. வகுப்பே ‘அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல்’ என்று எழுதிச் சரி வாங்கிக்கொண்டது. ஒரு பையன் மட்டும் ‘அலையை உடைய கடல், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று எழுதியிருந்தான். தப்பு போட்டேன். மறுநாள் தாளோடு மேசைக்கு வந்து, அந்த க்-ஐ விரலால் தொட்டுக் காட்டி, ‘சார், ஒற்று இருக்கே?’ என்றான். அச்சில் இருந்தபடி பார்த்தால் அவன் ஒருவன்தான் சரி. மற்ற எல்லாரும் தாளில் இல்லாத ஒரு சொல்லுக்கு விடை எழுதியிருந்தார்கள், நானும் அதற்கு மதிப்பெண் போட்டிருந்தேன்.

அதனால் ஆசிரியரிடம் கேட்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு: ஒன்றே ஒன்றைக் கேட்கலாம். மலைப்பூண்டு, வெந்நீர், சிவப்புக் குல்லா மூன்றும் அவள் தப்பு, விட்டுவிடுங்கள். உறைபனியில் வகைக்குத் தனி மதிப்பெண், விரிக்குத் தனி மதிப்பெண் என்று பிரித்திருந்தால் வகைக்கு உரியது வந்திருக்கிறதா என்று கூட்டலை மட்டும் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் கேட்க வழியில்லை. குறிஞ்சிப்பூவைக் கேட்கலாம், ஆனால் அவள் எழுதிய விரி ‘குறிஞ்சியினது பூ’ என்று இருந்தால் மட்டும். நீங்கள் போக வேண்டாம், அவளே போகட்டும். ‘டீச்சர், நான் குறிஞ்சியைச் செடியாக எடுத்துக்கொண்டேன், வாழைப்பூ மாதிரி’ என்று சொன்னால் போதும். கொடுத்தாலும் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால், பூவைத் தூக்கிவிட்டுப் பார் என்று அவர்களே சொல்லக்கூடும்.

தாளில் மிச்சம் இருந்த சொற்களில் ‘பழனிமலை’ வந்திருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள். பழனியாகிய மலை என்றால் இருபெயரொட்டு, பழனியில் உள்ள மலை என்றால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. படியேறிக் கும்பிடப் போகிறவர்கள் ‘பழனிமலைக்குப் போகிறோம்’ என்று சொல்லும்போது எதை நினைக்கிறார்கள் என்று என் வகுப்பில் கேட்டதுண்டு. பாதிப் பேர் ஒன்று, பாதிப் பேர் மற்றொன்று. இரண்டுக்கும் சரி போட்டேன், விரி பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்.